இயந்திரம் கற்ற மொழி – 14: ஆசிரியரின் தயக்கம்

சென்ற இதழில் மொழிபெயர்ப்பு மாதிரிகள் ஆண்டுக்கு ஆண்டு பெருத்துவந்த கதையைப் பார்த்தோம். 2022 ஜூலையில் மெட்டா நிறுவனம் வெளியிட்ட ‘என்எல்எல்பி-200’ என்ற மாதிரியில் அந்தக் கதையை நிறுத்தியிருந்தோம். 200 மொழிகள், அவற்றுக்கு இடையே 40,000-க்கும் மேற்பட்ட மொழிபெயர்ப்புத் திசைகள். தமிழிலிருந்து சிங்களத்துக்கும் சிங்களத்திலிருந்து தமிழுக்கும் ஆங்கிலத்தை இடையில் நிறுத்தாமல் நேரே பெயர்க்க முயன்ற மாதிரி அது.

அதன் அளவு 5,450 கோடி எண்கள். ஓர் எண்ணுக்கு 4 பைட் என்று கணக்குப் போட்டால் 218 ஜிகாபைட் நினைவகம் வேண்டும். ஒவ்வொரு சொல்லையும் கையாள இந்த எண்களில் சிறு பகுதிதான் வேலை செய்யும். ஆனால் எந்தப் பகுதி வேலை செய்யும் என்பது சொல்லுக்குச் சொல் மாறுவதால், அத்தனையையும் நினைவகத்தில் ஏற்றி வைத்திருக்க வேண்டும்.

கண்டியிலிருந்து பார்த்தால் இந்த எண் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது புரியும். 1987-இல் வந்த 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி என்று அறிவித்தது. ஆனாலும் கச்சேரியில் நிரப்பச் சொல்லும் படிவம், கிளினிக்கில் எழுதிக் கொடுக்கும் துண்டு, பொலிஸ் நிலையத்தில் பதியும் முறைப்பாடு என்று பல இடங்களில், தெல்தோட்டையிலிருந்தோ கலஹாவிலிருந்தோ பஸ் ஏறி வரும் தோட்டத்து ஆள் சிங்களம் தெரிந்த ஒருவரைத் தேடித்தான் நிற்கிறார். மொழிபெயர்ப்பு இயந்திரம் உதவ வேண்டிய இடம் அது. அங்கே 218 ஜிகாபைட்டைச் சுமக்கும் கணினி இல்லை. ஒரு சாதாரண மடிக்கணினி இருக்கலாம்.

அந்த மடிக்கணினியில் ஓடக்கூடிய ஒன்றையும் மெட்டா அதே மாதம் சேர்த்தே வெளியிட்டது. அதன் பெயர் `nllb-200-distilled-600M`. ஏறத்தாழ 60 கோடி எண்கள், இரண்டரை ஜிகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. பெரியதன் அளவில் ஏறத்தாழத் தொண்ணூறில் ஒரு பங்குதான். அந்தப் பெயரின் நடுவில் இருக்கும் சொல்தான் இந்த இதழின் வரலாறு. பெரிய மாதிரி ஆசிரியராக நிற்க, சிறிய மாதிரி மாணவராக இருந்து அதனிடம் கற்கும் முறை அது. அறிவை வடித்தெடுத்தல் என்று சொல்லலாம்.

கோர்னெல், 2006

அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ரிச் கருவானாவும் அவருடன் கிறிஸ்டியன் புசிலா, அலெக்சாண்ட்ரு நிக்குலெஸ்கு-மிசில் ஆகியோரும் 2006-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அன்றைக்கு மிகச் சிறந்த கணிப்புகளைத் தந்தவை தனி மாதிரிகள் அல்ல, கூட்டங்கள். நூற்றுக்கணக்கான, சில நேரம் ஆயிரக்கணக்கான மாதிரிகளைப் பயிற்றுவித்து, எல்லாவற்றின் விடைகளையும் சேர்த்துச் சராசரி எடுப்பார்கள். விடை நன்றாக வரும். ஆனால் கையடக்கக் கருவி ஒன்றில் அதை ஓட்டவே முடியாது.

அவர்கள் செய்தது இதுதான். விடை குறிக்கப்படாத ஏராளமான தரவை, தேவைப்பட்டால் செயற்கையாகவே உண்டாக்கி, அந்தக் கூட்டத்திடம் கொடுத்தார்கள். கூட்டம் சொன்ன விடைகளைக் குறித்துக்கொண்டார்கள். அந்த விடைகளையே பாடமாக வைத்து ஒரேயொரு சிறிய நரம்பு வலையைப் பயிற்றுவித்தார்கள். அதே சிறிய வலையை மூலத் தரவில் நேராகப் பயிற்றுவித்தால் எட்ட முடியாத தரத்தை இந்த வழியில் அது எட்டியது.

ஒரு மாதிரி எவ்வளவு கற்க முடியும் என்பதை அதன் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை, அதற்குக் கொடுக்கும் பாடமும் தீர்மானிக்கிறது என்று அப்போது தெரிந்தது. பாடத்தில் அப்படி என்னதான் கூடுதலாக இருக்கிறது என்ற கேள்விக்குத் தெளிவான விடை வர இன்னும் எட்டு ஆண்டுகள் ஆயின.

கொழுந்தா, இலையா?

கூகுளில் பணியாற்றிய ஜெஃப்ரி ஹின்டன், ஓரியோல் வின்யால்ஸ், ஜெஃப் டீன் மூவரும் 2014-இல் எழுதிய கட்டுரையை அந்த ஆண்டின் முதன்மையான நரம்பு வலை மாநாடு ஏற்கவில்லை. மாநாட்டோடு சேர்ந்து நடந்த பட்டறையில்தான் அது இடம்பெற்றது. 2015 மார்ச்சில் இணையத்தில் வெளியானது. பிறகு இந்தத் துறையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்றாக ஆனது.

அவர்கள் சொன்னதை நம்மூர் எடுத்துக்காட்டு ஒன்றில் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை.

தோட்டத்துப் பெண் ஒருவரைப் பற்றிய சிங்கள வாக்கியம் ஒன்றை மாதிரி தமிழாக்குகிறது. “அவள் காலையிலிருந்து” வரை எழுதிவிட்டது. அடுத்த சொல்லைத் தேர வேண்டும். மாதிரி தனக்குத் தெரிந்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மதிப்பெண் போடும். நான்கை மட்டும் எடுத்துக்கொள்வோம்: கொழுந்து 8, இலை 6, தளிர் 4, கூடை 0. இவற்றை நிகழ்தகவாக மாற்றும் சூத்திரம் இது:

```
q_i = exp(z_i / T) / Σ_j exp(z_j / T)
```

இதில் z என்பது மதிப்பெண். T என்பதை வெப்பநிலை என்கிறார்கள். வழக்கமாக T = 1. அப்படிக் கணக்கிட்டால் கொழுந்துக்கு 87 சதவீதம், இலைக்கு 12, தளிருக்கு 1.6, கூடைக்கு 0.03 கிடைக்கும்.

சாதாரணப் பயிற்சியில் மாணவருக்கு இவை எதுவும் தெரியாது. பயிற்சி ஏட்டில் ‘கொழுந்து’ என்றிருக்கும். அதற்கு 1, மற்ற எல்லாவற்றுக்கும் 0. ‘இலை’ என்று எழுதினாலும் தவறு, ‘கூடை’ என்று எழுதினாலும் அதே அளவு தவறு. ஆனால் தமிழ் தெரிந்த எவருக்கும் இவை இரண்டும் ஒரே தவறல்ல. ‘இலை பறித்தாள்’ என்றால் பொருள் விளங்கும், மலையகத்து வழக்காக மட்டும் இராது. ‘கூடை பறித்தாள்’ என்றால் வாக்கியமே குலைந்துவிடும். அந்த வேறுபாடு ஆசிரியரின் 12-இலும் 0.03-இலும் இருக்கிறது. சரியான விடையில் அல்ல, தவறான விடைகளுக்கு ஆசிரியர் பகிர்ந்து கொடுத்த சிறிய எண்களில்தான் மொழியின் உறவுகள் கிடக்கின்றன.

ஒரு சிக்கல் உண்டு. 0.03 என்பது மிகச் சிறிது. பயிற்சியின்போது மாணவரைத் திருத்தும் கணக்கில் அது கண்ணிலேயே படாது. வெப்பநிலையைக் கொண்டுவந்தது இதற்காகத்தான். T-ஐ 4 ஆக்கி அதே மதிப்பெண்களை அதே சூத்திரத்தில் போட்டால் கொழுந்து 47, இலை 29, தளிர் 17, கூடை 6 என்று வரும். வரிசை மாறவில்லை. ஆனால் பின்வரிசையில் இருந்தவை கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டன. மாணவரும் அதே வெப்பநிலையில் தன் விடைகளைக் கணக்கிட்டு, ஆசிரியரின் பரவலோடு பொருந்தும்வரை தன்னைத் திருத்திக்கொள்ளும். ஏட்டில் உள்ள சரியான விடையையும் ஓரளவு சேர்த்துக்கொள்வார்கள், ஆசிரியர் முழுக்கத் தவறிய இடத்தில் மாணவரும் வழி தவறாமல் இருக்க. பயிற்சி முடிந்ததும் T மீண்டும் 1.

வெப்பநிலையை எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கும் எல்லை உண்டு. மிக ஏறினால் எல்லாச் சொற்களும் ஏறத்தாழச் சமமாகிவிடும். ஆசிரியர் கவனமே செலுத்தாத சொற்களுக்குத் தற்செயலாக விழுந்த மதிப்பெண்களைக்கூட மாணவர் பாடமாக எடுத்துக்கொள்ளும். மாணவர் மிகச் சிறியதாக இருந்தால் நடுத்தர வெப்பமே நல்லது என்று அந்தக் கட்டுரையே குறித்திருக்கிறது.

பார்க்காத மூன்று

இந்தக் கருத்தை நம்பவைத்த சோதனை கையெழுத்து எண்களில் நடந்தது. 0 முதல் 9 வரை மனிதர் எழுதிய எண்களின் படங்கள். பயிற்சிக்கு 60,000, சோதனைக்கு 10,000. பெரிய வலை சோதனையில் 67 தவறுகள் செய்தது. சிறிய வலையைத் தனியாகப் பயிற்றுவித்தபோது 146 தவறுகள். அதே சிறிய வலையை, வெப்பநிலை 20-இல் பெரியதன் மென்மையான விடைகளையும் பொருத்தச் சொல்லிப் பயிற்றுவித்தபோது 74. பெரிய வலைக்குப் படங்களை இரண்டு புள்ளிகள் வரை இப்படியும் அப்படியும் நகர்த்திக் காட்டியிருந்தார்கள். சிறியதற்கு அப்படி நகர்த்திய படம் ஒன்றுகூடக் காட்டப்படவில்லை. இருந்தும் அந்தப் பழக்கத்தின் பயன் விடைகள் வழியாகவே அதற்கு வந்து சேர்ந்தது.

அடுத்ததாக, மாணவருக்குக் கொடுக்கும் படங்களிலிருந்து 3 என்ற எண்ணை முழுவதுமாக நீக்கினார்கள். மாணவர் தன் வாழ்நாளில் ஒரு 3-ஐக்கூடப் பார்த்ததில்லை. சோதனையில் மொத்தம் 206 தவறுகள், அவற்றில் 133 சோதனையிலிருந்த 1,010 மூன்றுகளில் விழுந்தவை. பார்த்தே இராத எண்ணில் மற்ற 877-ஐயும் சரியாகச் சொன்னது என்பதே பெரிது. தவறிய இடங்களிலும் காரணம், மூன்று அரிதாகவே வரும் என்று மாணவர் எண்ணிக்கொண்டது. மூன்றுக்கான சாய்வு எண் ஒன்றை மட்டும் 3.5 கூட்டியபோது மொத்தத் தவறுகள் 109 ஆகக் குறைந்தன, மூன்றுகளில் 14 மட்டுமே. 98.6 சதவீதம் சரி.

மூன்றைப் பற்றி மாணவர் எங்கிருந்து கற்றது? ஒருவர் எழுதிய 2 சற்று 3 போலிருந்தபோதும், ஒருவர் எழுதிய 8 சற்று 3 போலிருந்தபோதும் ஆசிரியர் மூன்றுக்கும் சிறிது எண் கொடுத்தது. அந்தத் தயக்கங்களைச் சேர்த்துச் சேர்த்துத்தான் மாணவர் மூன்றின் உருவத்தை அமைத்துக்கொண்டது.

மொழிபெயர்ப்புக்கு வந்தபோது

எண் படத்துக்கு விடை ஒன்றுதான். வாக்கியத்துக்கு அப்படியல்ல. ஒரு சிங்கள வாக்கியத்தைச் சரியான தமிழில் பத்து விதமாக எழுதலாம். 2016-இல் ஹார்வர்டில் யூன் கிம், அலெக்சாண்டர் ரஷ் இருவரும் இதற்கு இரண்டு வழிகளைக் காட்டினார்கள். முதலாவது, மேலே ‘கொழுந்து’ எடுத்துக்காட்டில் கண்டதுபோல், ஒவ்வொரு சொல்லிலும் ஆசிரியரின் பரவலை மாணவர் பொருத்துவது. இரண்டாவது, பயிற்சி வாக்கியங்கள் எல்லாவற்றையும் ஆசிரியரே பெயர்த்துவிட்டு, மனிதர் செய்த மொழிபெயர்ப்புக்குப் பதில் அந்தப் பெயர்ப்புகளையே பாடமாக வைப்பது. மனித மொழிபெயர்ப்பாளர்கள் ஆளுக்கொரு நடையில் எழுதுவார்கள். ஆசிரியர் மாதிரி ஒரே நடையில் எழுதும். சிறிய மாணவருக்கு ஒரே நடையைக் கற்பது எளிது. அவர்களுடைய சிறந்த மாணவர் ஆசிரியரைவிடப் பத்து மடங்கு வேகமாக ஓடியது, தரத்தில் சிறிதளவே இழந்தது.

மெட்டா 2022-இல் 60 கோடி மாணவரை உருவாக்கியபோது முதல் வழியையே எடுத்தது. பயிற்சி நடக்கும்போதே ஆசிரியரை உடன் ஓடவிட்டு, ஒவ்வொரு சொல்லிலும் அதன் முழுப் பரவலை மாணவருக்குக் காட்டியது. அதே அளவு மாதிரியை ஆசிரியரின்றிப் பயிற்றுவித்ததைவிட இப்படிக் கற்ற மாணவர் சராசரியில் மேலாக வந்தது. தமிழும் சிங்களமும் `tam_Taml`, `sin_Sinh` என்ற குறிகளோடு அந்த மாணவரிடம் இருக்கின்றன. இணையத் தொடர்பே இல்லாத மடிக்கணினியில், புசல்லாவையின் ஒரு லயத்தில் வைத்துக்கூட அதை இயக்கலாம். வணிகப் பயன்பாட்டுக்கு உரிமம் இடந்தராது, மற்றபடி திறந்தது.

சென்னையில் கண்ட இழப்பு

சராசரி என்ற சொல்லின் கீழே என்ன இருக்கிறது என்பதைத் தமிழுக்கு மிக அருகில் ஆராய்ந்தவர்கள் சென்னை ஐஐடியை மையமாகக் கொண்ட ‘ஏஐ4பாரத்’ குழுவைச் சேர்ந்தவர்கள். வருண் கும்மா, ராஜ் டாப்ரே, பிரத்யூஷ் குமார் ஆகியோர் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்க்கும் பெரிய மாதிரியை நான்கைந்து மடங்கு சுருக்கிப் பார்த்தது. வழக்கமான வடிப்பு முறைகளில் மாணவரின் தரம் 3.5 ‘புளூ’ புள்ளிகள் வரை விழுந்தது. மொழிபெயர்ப்பை அளப்பவர்களுக்கு அது சிறிய வீழ்ச்சி அல்ல. பல மொழிகளை ஒரே சிறிய மாணவருக்குள் அடைப்பது கடினம் என்று அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள்.

எது உதவுகிறது என்றும் தேடினார்கள். ஒரே எண்ணிக்கையிலான எண்களை வைத்து மாணவரை அகலமாகவும் ஆழமற்றும் கட்டலாம், மெலிதாகவும் ஆழமாகவும் கட்டலாம். ஆழமான மெல்லிய மாணவர்கள் தம்மைவிடப் பெரிய, ஆழம் குறைந்த மாதிரிகளுக்கு ஈடுகொடுத்தன. அதே ஆண்டில் இந்தக் குழு வெளியிட்ட ‘இண்டிக்டிரான்ஸ்2’ மாதிரியில் இந்தப் பாடத்தைப் பார்க்கலாம். 110 கோடி எண்கள் கொண்ட ஆசிரியருக்கு உள்வாங்கும் பக்கம் 18 அடுக்கு, எழுதும் பக்கம் 18 அடுக்கு. ஏறத்தாழ 20 கோடி எண்கள் கொண்ட மாணவருக்கும் அதே 18, 18. அடுக்கின் அகலம் 1,024-இலிருந்து 512 ஆகக் குறைந்தது. முந்தைய ஆய்வில் இன்னொன்றும் கண்டார்கள். வடித்து முடித்த மாணவருக்குத் தரமான சிறு தொகுதி ஒன்றைக் கொடுத்து மீண்டும் பயிற்றுவித்தால் சற்று முன்னேற்றம் தெரிகிறது. கண்டியைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது கண்டுபிடிப்புதான் முக்கியம்.

ஆசிரியர் தயங்காத இடம்

1867-இல் தெல்தோட்டைக்கு அப்பால் லூல்கந்தரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்ட இந்த மலைகளில் மலையகத் தமிழ் தனக்கென்று ஒரு சொற்குவியலைச் சேர்த்துக்கொண்டது. ‘இன்னைக்கு எந்த மலை?’ என்று ஒருவர் கேட்டால், இன்று வேலை எந்தப் பகுதியில் என்று பொருள். ‘அரைப்பேர்தான் போட்டாங்க’ என்றால் முழுநாள் சம்பளம் கிடைக்கவில்லை, பாதிதான் கணக்கில் ஏறியது என்று பொருள். தொழிலாளர் ஒருவர் முறைப்பாட்டில் எழுதும் மிக முக்கியமான வாக்கியம் அதுவாகவே இருக்கலாம்.

ஆசிரியர் மாதிரி கற்றது பெரும்பாலும் இணையத்தில் கிடைத்த எழுத்திலிருந்து. அங்கே ‘பேர்’ என்றால் ஒருவருடைய பெயர், அல்லது ஆட்களின் எண்ணிக்கை. ஊதியக் கணக்கு என்ற பொருளை ஆசிரியர் சந்தித்தே இராவிட்டால், அந்தப் பொருளுக்கான சிங்களச் சொல்லுக்கு அதன் பரவலில் சிறு எண்கூட விழாது. பார்க்காத 3-ஐ மாணவர் கற்க முடிந்தது, ஆசிரியர் 3-ஐப் பார்த்திருந்ததால். ஆசிரியரே பார்க்காததை எந்த வெப்பநிலையாலும் வெளியே கொண்டுவர முடியாது. இப்படிப்பட்ட இடத்தில் ஆசிரியர் தயங்குவதும் இல்லை. தவறான பொருளை உறுதியோடு சொல்லும். மாணவர் அந்த உறுதியையும் சேர்த்தே கற்கும்.

வழக்கமான அளவீட்டில் இது வெளிப்படுவதும் இல்லை. இந்த மாதிரிகளைச் சோதிக்கும் ‘ஃப்ளோரஸ்-200’ தொகுதி விக்கிமீடியா தளங்களின் செய்தி, பயணம், சிறுவர் நூல் பகுதிகளிலிருந்து எடுத்தது. வெளிப்படையாகச் சோதிக்கக் கிடைக்கும் பகுதியில் 1,012 வாக்கியங்கள். அவை தோட்டத்துப் பேச்சிலிருந்து வந்தவை அல்ல. ஆகவே ஒரு மாணவர் அந்தத் தொகுதியில் நல்ல மதிப்பெண் பெறுவதும், கிளினிக்குத் துண்டையும் சம்பள முறைப்பாட்டையும் தவறாகப் பெயர்ப்பதும் ஒரே நேரத்தில் நடக்கக்கூடியவை.

இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. இங்கே மக்கள் உண்மையில் எழுதும், வாங்கும் வாக்கியங்களில் ஒருசில நூற்றைத் திரட்டி, இரு மொழியும் தெரிந்தவர்களைக் கொண்டு பெயர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்களின் பெயரும் அடையாளமும் நீக்கப்பட்டிருக்க வேண்டும். அவற்றைத் தமிழிலிருந்து சிங்களத்துக்குத் தனியாகவும், சிங்களத்திலிருந்து தமிழுக்குத் தனியாகவும் சோதிக்க வேண்டும். சராசரி எடுக்கக் கூடாது. பிறகு தவறுகளை ஆசிரியரிடமும் போட்டுப் பார்க்க வேண்டும். ஆசிரியர் சரி, மாணவர் தவறு என்றால் இழப்பு வடிப்பில் நேர்ந்தது. மாணவரை ஆழமாகக் கட்டியோ கூடுதல் தரவில் வடித்தோ அதைக் குறைக்கலாம். இருவரும் ஒரே மாதிரித் தவறினால் குறை ஆசிரியரிடம். அதை எந்த வடிப்பும் சரிசெய்யாது. மனிதர் பெயர்த்த வாக்கியங்களை மாணவருக்கு நேராகக் கற்பிக்க வேண்டும்.

இந்த இரண்டாவது வகைக்கு மருந்து கலிபோர்னியாவிலிருந்தோ சென்னையிலிருந்தோ வராது. அரைப்பேர் என்றால் என்னவென்று தெரிந்தவர்களும், அதைச் சிங்களத்தில் சொல்லத் தெரிந்தவர்களும் கண்டியிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும்தான் இருக்கிறார்கள். 60 கோடி எண்கள் கொண்ட மாணவர் நம் மடிக்கணினிக்கு வந்துவிட்டது. வடித்துத் தந்தவர்கள் தர முடியாத பாடத்தை அதற்கு இனி நாம்தான் எழுத வேண்டும்.

*அடுத்த இதழில்: 1,012 வாக்கியங்களைத் தேர்ந்தவர்கள் யார், அவற்றைத் தமிழுக்கும் சிங்களத்துக்கும் பெயர்த்துச் சரிபார்த்தது எப்படி? மொழிபெயர்ப்பு இயந்திரங்களின் பரீட்சைத் தாள் பிறந்த கதை.*